லைசென்ஸ் இல்லாத நண்பரிடம் பைக்கைக் கொடுத்து விபத்து நடந்தால்: உரிமையாளர் வரிசையாகச் செய்ய வேண்டியவை

தருமபுரியில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். என் மேஜைக்கு வரும் கட்டுகளில் பாதிக்கு மேல் விபத்து இழப்பீட்டு வழக்குகள். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வகை: பைக் ஒருவருடையது, ஓட்டியவர் அவருடைய நண்பர், நண்பருக்கு லைசென்ஸ் இல்லை. உரிமையாளர் விபத்து நடந்த இடத்திலேயே இருந்திருக்க மாட்டார். ஆனாலும் இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து வீட்டுக்கு ஜப்தி நோட்டீஸ் வருவது அவருக்குத்தான்.

இந்த வழிகாட்டி அந்த உரிமையாளருக்காக. புரிவதற்கு ஒரே ஒரு மாதிரி வழக்கைக் கடைசி வரை எடுத்துச் செல்கிறேன். பாலக்கோட்டில் செல்போன் கடை வைத்திருக்கும் ஒருவர், தம் பைக்கை நண்பருக்குக் கொடுக்கிறார். நண்பர் ராயக்கோட்டைச் சாலையில் இருட்டும் நேரத்தில் போகும்போது, சாலையைக் கடந்த சுமைதூக்கும் தொழிலாளி ஒருவர்மீது மோதுகிறார். அவர் மறுநாள் மருத்துவமனையில் இறந்துவிடுகிறார். பைக்குக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. நண்பருக்கு லைசென்ஸ் இல்லை.

1. முதலில் மூன்று பொறுப்புகளைத் தனித்தனியாகப் பிரியுங்கள்

எங்களிடம் வருபவர்கள் "யார்மேல் கேஸ்?" என்று ஒரே கேள்வியாகக் கேட்கிறார்கள். உண்மையில் இதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. மூன்றுக்கும் விடை வேறு. இதைக் குழப்பிக்கொண்டால் பின்னால் வரும் ஒவ்வொரு படியிலும் தவறு நேரும்.

முதலாவது, உயிரிழப்புக்கான குற்றப் பொறுப்பு. அது ஓட்டியவருடையது. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக பாரதிய நியாய சன்ஹிதா 106(1) பிரிவில் நண்பர்மீது வழக்குப் பதிவாகும்; ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். பைக் உங்கள் பெயரில் இருக்கிறது என்பதற்காக மட்டும் இந்தப் பிரிவு உங்கள்மேல் வராது.

இரண்டாவது, வண்டியைக் கொடுத்த குற்றம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 5-ஆம் பிரிவு, லைசென்ஸ் இல்லாதவரை ஓட்ட அனுமதிக்கக் கூடாது என்று உரிமையாளருக்குக் கட்டளையிடுகிறது. மீறினால் 180-ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய நண்பருக்கும் 181-ஆம் பிரிவில் இதே அளவு தண்டனைதான். ஓட்டியவர் பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் நிலைமை முற்றிலும் வேறு: 199ஏ பிரிவில் உரிமையாளருக்கே மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு ஓராண்டுக்கு ரத்து.

மூன்றாவதுதான் குடும்பங்களைச் சாய்ப்பது: இழப்பீட்டுப் பணம். இதை மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் முடிவு செய்யும். ஓட்டியவரும் உரிமையாளரும் சேர்ந்தே பொறுப்பு. இன்சூரன்ஸ் நிறுவனம் உரிமையாளருக்காகப் பணம் கட்ட ஒப்புக்கொண்ட நிறுவனம். லைசென்ஸ் இல்லை என்ற விஷயம் இந்தக் கடைசிக் கண்ணியைத்தான் அசைக்கிறது.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். லைசென்ஸ் இல்லை என்பதாலேயே விபத்துக்கு நண்பர்தான் காரணம் என்று ஆகிவிடாது. யார் தவறால் மோதல் நடந்தது என்பது தனியாக நிரூபிக்கப்பட வேண்டியது. எதிரே வந்த லாரி தவறான பக்கத்தில் வந்து மோதியிருந்தால், லைசென்ஸ் இல்லாத உங்கள் நண்பர்கூட அந்த லாரியின் உரிமையாளரிடமும் அதன் இன்சூரன்ஸிடமும் இழப்பீடு கேட்கலாம். ஆகவே விபத்து எப்படி நடந்தது என்பதைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே "எல்லாம் என் தலையில்தான்" என்று ஒப்புக்கொண்டுவிடாதீர்கள்.

2. கையில் எடுத்துவைக்க வேண்டியவை

ஆர்.சி. புத்தகம், விபத்து நாளில் நடப்பில் இருந்த இன்சூரன்ஸ் பாலிசி, உங்கள் சொந்த லைசென்ஸ், முதல் தகவல் அறிக்கையின் நகல். இவை எல்லோருக்கும் தெரிந்தவை.

பெரும்பாலோர் விட்டுவிடுவது, சாவி கைமாறிய விதத்துக்கான சான்று. நண்பர் உங்களுக்கு அனுப்பிய செய்தி, நீங்கள் லைசென்ஸ் கேட்டிருந்தால் அவர் அனுப்பிய படம், அந்த நேரத்தில் கடையில் இருந்தவர்கள் யார் என்ற குறிப்பு. செல்போனை மாற்றும்போது இவையெல்லாம் அழிந்துபோகும். வழக்கு விசாரணைக்கு வரும்போது இரண்டு ஆண்டு ஆகியிருக்கும். அதனால் அந்த வாரமே தாளில் எடுத்து, தேதி போட்டு, பாலிசியோடு ஒரே உறையில் வையுங்கள்.

பாலிசியில் முதலில் பார்க்க வேண்டியது நேரம். எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று அச்சிட்டிருப்பார்கள். விபத்து நாளில் பாலிசியே காலாவதி என்றால், கீழே 7-ஆம் படியில் வரும் "முதலில் இன்சூரன்ஸ் கட்டும், பிறகு உங்களிடம் வாங்கும்" என்ற ஏற்பாடே கிடையாது. முழுத் தொகையும் நேராக உங்கள்மேலும் நண்பர்மேலும் விழும்.

வண்டியை விற்றுவிட்டேன், ஆர்.சி. மட்டும் இன்னும் மாற்றவில்லை என்று சொல்பவர்களும் வருகிறார்கள். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாறாதவரை இந்த வழிகாட்டியில் "நீங்கள்" என்று சொல்வது அவர்களையும்தான்.

3. அன்று இரவே: ஓட்டியவரின் உண்மையான பெயரைச் சொல்லுங்கள்

வழுக்கி விழுபவர்கள் பெரும்பாலும் இந்த முதல் இரவில்தான் விழுகிறார்கள். யாராவது ஒரு பெரியவர் வந்து, "லைசென்ஸ் உள்ள பையன் ஒருவனை ஓட்டியதாகச் சொல்லிவிடலாம், எல்லாம் சரியாகிவிடும்" என்பார். தயவுசெய்து கேட்காதீர்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 133-ஆம் பிரிவின்படி, காவல்துறை கேட்டால் ஓட்டியவரின் பெயர், முகவரி, லைசென்ஸ் விவரத்தைச் சொல்ல உரிமையாளர் கடமைப்பட்டவர். அங்கே பொய் சொன்னால், அதுவரை நண்பர் மட்டும் மாட்டியிருந்த குற்ற வழக்கில் நீங்களும் வேறு பிரிவுகளில் சேர்ந்துகொள்கிறீர்கள்.

ஆள்மாற்றம் எப்படி வெளிவருகிறது என்பதையும் சொல்கிறேன். நண்பருக்கும் கையிலோ காலிலோ அடிபட்டிருக்கும். அவரை ஆம்புலன்ஸில் கொண்டுபோன மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் ஒரு வரி எழுதியிருப்பார்கள்: இன்ன நேரத்தில், இன்ன இடத்தில், பைக் ஓட்டிச் செல்லும்போது மோதிக் காயம் என்று. இன்சூரன்ஸ் நிறுவனத்தின் புலனாய்வாளர் முதலில் எடுப்பது அந்தப் பக்கத்தின் நகலைத்தான். ஓட்டியதாகச் சொல்லப்படும் லைசென்ஸ்காரர் உடம்பில் ஒரு கீறலும் இல்லை, மருத்துவமனையில் படுத்திருந்தவருக்கோ லைசென்ஸ் இல்லை. அதன்பிறகு உங்கள் வாயிலிருந்து வரும் எந்த உண்மையையும் தீர்ப்பாயம் நம்பாது. 6-ஆம் படியில் உங்களுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு, உங்கள் பேச்சின் நம்பகத்தன்மைதான். அதை முதல் இரவிலேயே இழந்துவிடக் கூடாது.

இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு நீங்களும் உடனே எழுத்தில் தகவல் கொடுங்கள். விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் காவல்துறை முதல் விபத்து அறிக்கையை நிறுவனத்துக்கும் தீர்ப்பாயத்துக்கும் அனுப்ப வேண்டும் என்பது 2022 முதல் நடைமுறையில் உள்ள விதி. ஆகவே நீங்கள் மறைப்பதால் அவர்களுக்குத் தெரியாமல் போகாது. உங்கள் பைக்குக்கு ஆன சேதத்துக்கான பணத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியிருந்தால் அந்தக் கோரிக்கை பொதுவாக நிராகரிக்கப்படும்.

4. லைசென்ஸ் உண்மையிலேயே இல்லையா என்று பாருங்கள்

"லைசென்ஸ் இல்லை" என்று நண்பர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். "இருக்கிறது" என்றாலும் அப்படியே நம்பாதீர்கள். அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பாருங்கள். வழக்கின் போக்கே இங்கே பிரிகிறது.

பின்பக்கத்தில் வாகன வகைகள் எழுதியிருக்கும். MCWG என்று இருந்தால் கியர் உள்ள இருசக்கர வாகனம் ஓட்டலாம். MCWOG என்றால் கியர் இல்லாத ஸ்கூட்டர் மட்டும். LMV என்பது கார் வகை. கார் ஓட்டுபவருக்கு பைக் ஓட்டத் தெரியாதா என்று நாம் நினைப்போம். சட்டத்தின் கணக்கில், LMV மட்டும் உள்ளவர் பைக் ஓட்டினால் அந்த பைக்குக்கு அவர் லைசென்ஸ் இல்லாதவர்தான். ஸ்கூட்டர் வகை மட்டும் உள்ளவர் கியர் பைக்கை எடுத்தாலும் அதேதான்.

அடுத்து தேதி. முன்பு காலாவதியான பிறகும் முப்பது நாள் செல்லும் என்று சட்டத்தில் இருந்தது. 2019 திருத்தத்தில் அது நீக்கப்பட்டுவிட்டது. காலாவதியாகி ஓராண்டுக்குள் புதுப்பித்துக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் விபத்துக்குப் பிறகு ஓடிப்போய்ப் புதுப்பித்தால் அது விபத்து நடந்த நாளைக் காப்பாற்றாது. நாற்பது வயதைத் தொட்டவர்களிடம் இந்தத் தவறை அதிகம் பார்க்கிறேன். இருபது வயதில் எடுத்த பழைய லைசென்ஸ் இருபது ஆண்டில் முடிகிறது என்பது அவர்களுக்கு நினைவிருப்பதில்லை.

எல்.எல்.ஆர். மட்டும் வைத்திருப்பவர் லைசென்ஸே இல்லாதவர் ஆகிவிட மாட்டார். ஆனால் கற்றுக்கொடுக்க லைசென்ஸ் உள்ள ஒருவர் கூட இருந்தாரா, வண்டியில் எல் போர்டு இருந்ததா என்று கேட்பார்கள். தனியாகப் போயிருந்தால் நிபந்தனை மீறல்தான்.

கடைசியாக, நண்பர் காட்டிய அட்டையே போலியாக இருந்தால்? இங்கேதான் உரிமையாளருக்குச் சட்டம் கை கொடுக்கிறது. அட்டை பார்வைக்கு உண்மையானதாக இருந்து, நீங்கள் அதைப் பார்த்து நம்பிக் கொடுத்திருந்தால், ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய் விசாரித்திருக்க வேண்டும் என்று உங்களிடம் எதிர்பார்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் நிர்மலா கோத்தாரி வழக்கில் சொன்னது. பார்த்து ஏமாந்தவருக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு, பார்க்கவே பார்க்காதவருக்குக் கிடைக்காது.

5. 180-ஆம் பிரிவு வழக்கில் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள்

குற்றவியல் நீதிமன்றத்தில் அழைப்பாணை வந்ததும், "அபராதம் கட்டி முடித்துவிடலாம், அலைச்சல் மிச்சம்" என்று தோன்றும். நீங்கள் தெரிந்தே கொடுத்தீர்கள் என்றால் அது நேர்மையான வழிதான். ஆனால் நண்பர் அட்டையைக் காட்டி உங்களை நம்பவைத்திருந்தால், ஒரு நொடி நில்லுங்கள்.

காரணம் இது. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிய பதிவின் சான்றிட்ட நகலை, இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஆவணமாகக் குறிப்பார். "லைசென்ஸ் இல்லை என்று தெரிந்தே கொடுத்ததாக இவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்" என்பார். சில ஆயிரம் ரூபாயில் முடிந்ததாக நினைத்த விஷயம், பல லட்சத்துக்கான சாட்சியாகத் திரும்பி வரும். இரண்டு வழக்குக்கும் ஒரே வக்கீலாவது இருக்கட்டும். இல்லையென்றால் ஒருவர் செய்வது இன்னொருவருக்குத் தெரியாமல் போகும்.

6. தீர்ப்பாயத்தின் நோட்டீஸ் வந்தால் ஆஜராகுங்கள்

இறந்தவரின் குடும்பம் 166-ஆம் பிரிவில் மனுப் போடுகிறது. விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்பது இப்போதைய சட்டம். அந்த மனுவில் வழக்கமாக நீங்கள் முதல் எதிர்மனுதாரர், இன்சூரன்ஸ் நிறுவனம் இரண்டாவது.

நோட்டீஸ் பதிவுத் தபாலில் வரும். பழுப்பு உறை, மேலே நீதிமன்ற முத்திரை. இப்படி ஒரு உறையை மூன்று ஆண்டு கழித்துப் பிரிக்காமலேயே எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தவரைப் பார்த்திருக்கிறேன். கடையில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாராம். ஊதுபத்திப் புகை படிந்து ஓரம் கறுத்திருந்தது. "இன்சூரன்ஸ் இருக்கிறதே, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன் சார்" என்றார். கூட வந்திருந்த அவருடைய மனைவி ஒன்றும் பேசவில்லை. உறையைப் பிரித்தபோது எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நினைப்பு ஏன் தவறு என்றால், மற்ற வழக்குகளில் இன்சூரன்ஸ் நிறுவனம் உங்கள் பக்கம் நிற்கும். லைசென்ஸ் இல்லாத வழக்கில் அது உங்களுக்கு எதிராக நிற்கும். "நிபந்தனையை உரிமையாளர் மீறினார், எங்களை விடுவியுங்கள்" என்பதுதான் அவர்களுடைய எதிருரையே.

அவர்கள் எதை நிரூபிக்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2004-இல் சுவரண் சிங் வழக்கில் வரையறுத்தது. ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை என்று காட்டினால் மட்டும் போதாது. உரிமையாளர் தெரிந்தே மீறினார், அல்லது நியாயமான கவனம் எடுக்கவில்லை என்பதையும் காட்ட வேண்டும். நிரூபிக்கும் சுமை நிறுவனத்தின் மேல்.

நடைமுறையில் அவர்கள் எப்படிச் செய்கிறார்கள்? உங்களுக்கும் நண்பருக்கும் ஒரு கடிதம் அனுப்புவார்கள்: இத்தனை நாளுக்குள் லைசென்ஸைக் காட்டவும் என்று. நீங்கள் பதில் போட மாட்டீர்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து ஒருவரைச் சாட்சியாக அழைத்து, அந்தப் பெயரில் லைசென்ஸ் எதுவும் பதிவில் இல்லை என்று சொல்லவைப்பார்கள். உங்கள் பக்கம் நாற்காலி காலியாக இருக்கும். நீங்கள் ஒருதலைப்பட்சமாக வைக்கப்படுவீர்கள், அதாவது நீங்கள் இல்லாமலேயே விசாரணை நடக்கும். கேள்வி கேட்க ஆள் இல்லாத இடத்தில் அவர்களுடைய சுமை தானாகவே இறங்கிவிடுகிறது.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். நோட்டீஸில் போட்ட தேதிக்கு முன்பே வக்காலத்து. அடுத்து எதிருரை: விபத்து எப்படி நடந்தது, நண்பர் என்ன சொன்னார், நீங்கள் என்ன பார்த்தீர்கள், எதை நம்பினீர்கள் என்பதை நடந்தபடியே எழுதுங்கள். நிறுவனத்தின் கடிதத்துக்குப் பதிவுத் தபாலில் பதில் அனுப்பி, அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, முக்கியமாக, நீங்களே சாட்சிக் கூண்டில் ஏறுங்கள். எதிருரையில் எழுதியது சாட்சியம் ஆகாது. பலர் எதிருரை போட்டதோடு நின்றுவிடுகிறார்கள். தீர்ப்பில் "முதல் எதிர்மனுதாரர் சாட்சியம் அளிக்க முன்வரவில்லை" என்ற வரியைப் படிக்கும்போதுதான் புரிகிறது.

"எனக்குத் தெரியாமல் சாவியை எடுத்துப் போனான்" என்ற வாதத்தைச் சும்மா எடுக்காதீர்கள். அப்படி நடந்திருந்தால் அன்றே புகார் கொடுத்திருப்பீர்களே என்பார்கள். உறவுக்காரப் பையன் அனுமதியின்றி எடுத்துப் போனான் என்று சொன்ன ஓர் உரிமையாளரின் வாதத்தை, 2011-இல் ஜவகர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சாவி கைக்கு எட்டும் இடத்தில் இருக்க விட்டதே கவனக்குறைவுதான்.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். எதிர்மனுதாரருக்கும் இலவச வக்கீல் உண்டு. அது வழக்குப் போடுபவருக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டு பலர் கேட்பதே இல்லை.

நண்பர் மனுவில் ஒரு தரப்பாகச் சேர்க்கப்பட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள். உரிமையாளரையும் இன்சூரன்ஸையும் மட்டும் சேர்த்துப் போடப்படும் மனுக்கள் உண்டு. மோதியது அவர், அவரைச் சேர்க்கக் கேட்கலாமா என்று உங்கள் வக்கீலிடம் முதல் வாய்தாவிலேயே பேசுங்கள்.

7. தீர்ப்பு வந்தால்: யார் கட்டுவது, யாரிடம் திரும்பும்

பாலக்கோட்டுக்காரரின் வழக்குக்கு வருவோம். இறந்தவருக்கு வயது 42. மாத வருமானம் 12,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்றதாக வைத்துக்கொள்வோம். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நால்வர் அவரை நம்பி இருந்தவர்கள்.

சுயதொழில் செய்பவர், நாற்பதுக்கு மேல் ஐம்பதுக்குள் என்பதால், எதிர்கால வருமான உயர்வுக்காக 25 சதவீதம் சேர்ப்பார்கள். 12,000 என்பது 15,000 ஆகிறது. நம்பியிருந்தவர்கள் நால்வர் என்பதால், அவருடைய சொந்தச் செலவு என்று நான்கில் ஒரு பங்கைக் கழிப்பார்கள். மிச்சம் 11,250. ஆண்டுக்கு 1,35,000. அவருடைய வயதுக்கான பெருக்கல் எண் 14. ஆக 18,90,000 ரூபாய்.

இதோடு குடும்பத்தாருக்கு உறவு இழப்புக்காகத் தலைக்கு 48,400 வீதம் நால்வருக்கு 1,93,600. ஈமச்சடங்குக்கும் சொத்து இழப்புக்கும் 18,150 வீதம் 36,300. மொத்தம் 21,19,900 ரூபாய். மனுப் போட்ட நாளிலிருந்து ஆண்டுக்கு 7.5 சதவீத வட்டி என்றால், இரண்டு ஆண்டில் 3,17,985 சேர்கிறது. சுமார் 24 லட்சத்து 38 ஆயிரம்.

உரிமையாளர் ஆஜராகவில்லை, லைசென்ஸ் இல்லை என்பது நிரூபணமாகிவிட்டது. தீர்ப்பாயங்கள் வழக்கமாகக் கொடுக்கும் உத்தரவு: இன்சூரன்ஸ் நிறுவனம் இந்தத் தொகையை முதலில் குடும்பத்துக்குக் கட்ட வேண்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம். இதில் ஒரு நியாயம் இருக்கிறது. இறந்தவரின் குடும்பத்துக்கும் உங்கள் பாலிசி நிபந்தனைக்கும் சம்பந்தமில்லை. அவர்கள் காத்துக்கிடக்கக் கூடாது.

உரிமையாளர்கள் இந்த உத்தரவின் முதல் பாதியை மட்டும் கேட்கிறார்கள். "இன்சூரன்ஸ் கட்டச் சொல்லிவிட்டார்கள்" என்று நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். இரண்டாம் பாதிக்காக நிறுவனம் புதிதாக ஒரு வழக்குப் போட வேண்டியதில்லை. நஞ்சப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-இல் சொன்னபடி, அந்தத் தீர்ப்பை நிறைவேற்றித் தரக் கேட்டு அதே நீதிமன்றத்தில் நிறைவேற்று மனுப் போட்டாலே போதும். வண்டியையோ வேறு சொத்தையோ ஜப்தி செய்யக் கேட்கலாம். இந்தக் கட்டத்தில் "லைசென்ஸ் காட்டினான்" என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். அதைச் சொல்ல வேண்டிய மேடை முடிந்துபோயிருக்கும்.

எனவே தீர்ப்பு வந்த நாளிலேயே நகலுக்கு மனுக் கொடுங்கள். 173-ஆம் பிரிவில் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 90 நாள் இருக்கிறது. 25,000 ரூபாய் அல்லது தீர்ப்புத் தொகையில் பாதி, இரண்டில் எது குறைவோ அதைக் கட்டித்தான் போட முடியும். ஒருதலைப்பட்சத் தீர்ப்பு என்றால், அதே தீர்ப்பாயத்தில் அதை நீக்கக் கேட்கும் மனுவும் உண்டு. ஆனால் ஏன் வரவில்லை என்பதற்கு நம்பும்படியான காரணம் வேண்டும். நோட்டீஸை வாங்கிக் கையெழுத்துப் போட்டவருக்கு அது கடினம்.

8. நண்பருக்கும் பின்னால் இருந்தவருக்கும்

அடிபட்டவர் நண்பரே என்றால், தவறு வேறு வண்டியுடையதாக இல்லாதவரை, உங்கள் பைக்கின் இன்சூரன்ஸிலிருந்து அவருக்கு மூன்றாம் நபர் இழப்பீடு கிடைக்காது. வண்டியை இரவல் வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார் என்பது நிங்கம்மா வழக்கிலும், 2020-இல் ராம்கிலாடி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் எடுத்த நிலை. தனிநபர் விபத்துக் காப்பீடு என்று பாலிசியில் ஒரு வரி இருக்கும். அதற்கும் செல்லுபடியாகும் லைசென்ஸ் கேட்பார்கள். நண்பரின் வீட்டார் உங்களிடம் வந்து "உன் வண்டி இன்சூரன்ஸில் வாங்கிக் கொடு" என்று கேட்கும்போது, கிடைக்கும் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

பின்னால் உட்கார்ந்து சென்றவர் விஷயம் பாலிசியின் வகையைப் பொறுத்தது. முழுமையான பாலிசி என்றால் அவர் அதற்குள் வருவார். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் என்றால் பொதுவாக வர மாட்டார். அப்போது அவருடைய இழப்பீடும் நேரே உங்களிடமும் நண்பரிடமும் கேட்கப்படும்.

9. கட்டிய பணத்தை நண்பரிடம் கேட்க முடியுமா

கேட்கலாம். மோதியது அவருடைய கவனக்குறைவு என்று தீர்ப்பே சொல்லியிருக்கும். நீங்கள் கட்டியதற்கு ரசீது இருக்கும். ஆனால் இதற்குத் தனியாக உரிமையியல் வழக்குப் போட வேண்டும். பைக் இரவல் கேட்கும் நிலையில் இருந்தவரிடம் 24 லட்சம் இருக்கப்போவதில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும்.

இதைவிட உருப்படியானது, நிறுவனத்தின் நிறைவேற்று மனு வந்ததும் நண்பரையும் அழைத்துக்கொண்டு போய்த் தவணைக்குக் கேட்பது. தொகையை மாதாமாதம் கட்டுவதாக நீதிமன்றத்தில் எழுதிக்கொடுத்து, இருவரும் எவ்வளவு வீதம் என்று உங்களுக்குள் ஒரு ஒப்பந்தப் பத்திரமும் எழுதிக்கொள்ளுங்கள். முதல் தவணையை எழுதிய தேதிக்கு முன்பே கட்டிவிடுங்கள். அது தவறினால் நிறுவனத்தின் வக்கீல் அடுத்த வாய்தாவில் ஜப்தி ஆணைதான் கேட்பார்.